மீதி தராத பம்ப்: இத்தாலியில் பெட்ரோல் போடும்போது

கேள்வி: நான் ம்யூனிக்கில் வேலை செய்கிறேன். ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவை வாடகைக் காரில் இத்தாலிக்கு அழைத்து வந்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கார்தா ஏரிப் பக்கம் ஆளில்லாத பங்கில் 50 யூரோ நோட்டைப் போட்டு 4-ஆம் எண் பம்பில் பெட்ரோல் போட்டேன். 31.40-க்கே டேங்க் நிரம்பிவிட்டது. மீதி வரவில்லை. ரசீது வேண்டுமா என்று மெஷின் கேட்டதற்கு, புரியாமல் ஏதோ ஒரு பட்டனை அழுத்திவிட்டேன். 18.60 யூரோ போனதுதானா? அடுத்த நாள் கார்டு போட்டால் 100 யூரோ எடுத்ததாக பேங்க் மெசேஜ் வருகிறது. இன்னும் நாலு நாள் இங்கேதான் இருப்போம். இந்த மெஷினில் எதை எப்படி அழுத்த வேண்டும்?

பதில்: பணம் இன்னும் போய்விடவில்லை. நாளைக் காலை அந்தப் பங்க் திறந்திருக்கும் நேரத்தில் நேரில் போங்கள். இத்தாலியில் இந்த மெஷின்கள் மீதி தருவதில்லை. பெரும்பாலும் மெஷின் மேலேயே `NON DÀ RESTO` என்று எழுதி ஒட்டியிருப்பார்கள். ‘ரெஸ்தோ’ என்றால் மீதிச் சில்லறை. பணத்துக்குப் பதிலாக, போட்டது இவ்வளவு, ஊற்றியது இவ்வளவு, பாக்கி இவ்வளவு என்று ஒரு சீட்டு அச்சாகும். பங்க் நடத்துபவரிடம் அந்தச் சீட்டைக் கொடுத்தால் பாக்கியைத் தருவார். அவரை அங்கே ‘ஜெஸ்தோரே’ என்பார்கள்.

உங்களிடம் சீட்டு இல்லை என்பதுதான் சிக்கல். ஆனாலும் எந்த நேரத்தில், எந்த எண் பம்புக்கு, எத்தனை யூரோ போனது என்று மெஷின் தனக்குள் பதிந்து வைத்திருக்கும். நாள், ஏறக்குறைய நேரம், பம்ப் எண் 4, போட்ட தொகை 50, ஊற்றியது 31.40 என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். மொழி தெரியாவிட்டால் இந்த வரியை ஃபோனில் தட்டிக் காட்டுங்கள்:

```
Ho inserito 50 euro, pompa 4, erogati solo 31,40.
Vorrei il rimborso di 18,60 euro.
```

‘50 யூரோ போட்டேன், 4-ஆம் பம்ப், 31.40-க்குத்தான் வந்தது, 18.60-ஐத் திருப்பித் தர வேண்டும்’ என்பதுதான் இது. மதியம் போகாதீர்கள். சின்ன ஊர்ப் பங்குகள் மதிய உணவுக்காக இரண்டு மூன்று மணி நேரம் ஆளில்லாமல் இருக்கும். அப்போதும், இரவிலும், ஞாயிறன்றும் அந்த மெஷின் மட்டும்தான் வேலை செய்யும். உங்களுக்கு நேர்ந்ததும் அதுதான்.

ஜெர்மனியில் பெட்ரோலை ஊற்றிவிட்டு உள்ளே போய்ப் பணம் கட்டிப் பழகியிருப்பீர்கள். இத்தாலியில் ஆளில்லாத நேரத்தில் முறை தலைகீழ்: முதலில் பணம், பிறகு பம்ப் எண், கடைசியில்தான் நாசில். நான்கைந்து பம்புக்கும் பொதுவாக நடுவில் ஒரே ஒரு மெஷின் நிற்கும். அதனால்தான் எந்த பம்பைத் திறக்க வேண்டும் என்று அது உங்களைக் கேட்கிறது.

காரை விட்டு இறங்கியதும் மெஷினிடம் போகாமல், பம்பின் எண்ணைப் பாருங்கள். ஒரே பம்பின் இரண்டு பக்கத்துக்கும் வேறு வேறு எண் இருக்கும். உங்கள் காரின் பக்கம் 4 என்றால் முதுகுப் பக்கம் 3 ஆக இருக்கலாம். தவறான எண்ணை அழுத்தினால் உங்கள் பணத்துக்கு எதிர்ப் பக்கத்து பம்ப் திறந்துகொள்ளும். அங்கே நிற்பவர் நாசிலை எடுத்துவிட்டால் உங்கள் பெட்ரோல் அவர் டேங்கில்தான் போகும். எண்ணைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே மெஷினுக்கு நடங்கள். அம்மாவோ அப்பாவோ பம்ப் பக்கத்தில் நின்றால் இன்னும் நல்லது. நம்மூர்ப் பங்கில் ‘ஜீரோ பார்த்துக்கங்க’ என்று சொல்வார்களே, அதே காரியம்தான். நீங்கள் எண்ணை அழுத்தியதும் சரியான பம்பின் திரை பூஜ்யத்துக்கு வருகிறதா என்று அவர்கள் பார்த்துச் சொல்லலாம்.

அடுத்தது எரிபொருள். நம்மவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான். பெட்ரோலுக்கு அமெரிக்காவில் ‘கேஸ்’ என்பார்கள் என்ற நினைப்பில் `GASOLIO` என்ற நாசிலை எடுத்துவிடாதீர்கள். இத்தாலியில் அது டீசல். பெட்ரோலுக்கு `BENZINA` அல்லது `SENZA PIOMBO` என்று எழுதியிருக்கும். ஈயம் கலக்காதது என்று பொருள். சிலர் அதைப் பச்சை என்ற பொருளில் `VERDE` என்றும் எழுதுவார்கள். நாசிலின் நிறத்தை மட்டும் நம்பினால் நாடு மாறும்போது ஏமாறலாம். அதைவிட உறுதியான அடையாளம் ஒன்று உண்டு. 2018 அக்டோபரிலிருந்து ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் ஒரே மாதிரிச் சின்னத்தை பம்பிலும் புதுக் கார்களின் டேங்க் மூடியருகிலும் ஒட்டுகிறார்கள். வட்டத்துக்குள் `E5`, `E10` என்றிருந்தால் பெட்ரோல். சதுரத்துக்குள் `B7` என்றிருந்தால் டீசல். உங்கள் காரின் டேங்க் மூடியைத் திறந்து உள்ளே இருக்கும் சின்னத்தையும் நாசிலில் இருப்பதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். எந்த மொழியும் தெரிய வேண்டாம். மாற்றி ஊற்றியது தெரிந்துவிட்டால் இஞ்ஜினை ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். சாவியைத் தொடாமல் வாடகைக் கம்பெனியைக் கூப்பிடுங்கள்.

இப்போது மெஷின். கொடி படமோ `LINGUA` என்ற பட்டனோ இருந்தால் ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். பழைய மெஷின்களில் அது இருக்காது. `INSERIRE BANCONOTE O CARTA` என்றால் நோட்டையோ கார்டையோ போடச் சொல்கிறது. இங்கே அவசரப்படக் கூடாது. நோட்டை ஒவ்வொன்றாகப் போடப் போட, திரையில் தொகை கூடிக்கொண்டே வரும். பம்ப் எண்ணை அழுத்தும் வரை எத்தனை நோட்டு வேண்டுமானாலும் சேர்க்கலாம். அழுத்திய பிறகு பெரும்பாலும் சேர்க்க முடியாது. அதனால் கையில் 5, 10, 20 யூரோ நோட்டுகளாக வைத்திருங்கள்.

எவ்வளவு போடுவது என்பதற்கு உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 45 லிட்டர் டேங்க், முள் பாதியில் நிற்கிறது, லிட்டர் 1.80 யூரோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 22 லிட்டர் பிடிக்கும், 40 யூரோ ஆகும் என்று தோன்றும். ஆனால் முள் காட்டுவது குத்துமதிப்புதான். உங்களுக்கு 31.40-க்கே நிரம்பியது என்றால், இந்த விலையில் பதினேழரை லிட்டர்தான் பிடித்திருக்கிறது. 40 போட்டிருந்தாலும் 8.60 பாக்கி நின்றிருக்கும். கணக்கில் வருவதைவிடப் பத்து யூரோ குறைத்து, 20-ம் 10-மாகப் போடுவதே சரி. டேங்க் முழுதும் நிரம்பாவிட்டால் குறை ஒன்றும் இல்லை. ‘ஐநூறுக்குப் போடுங்க’ என்று ஊரில் சொல்லிப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. வண்டியைத் திருப்பிக் கொடுக்கும் நாளில்தான் முழு டேங்க் தேவைப்படும். அன்றைக்கு மட்டும் ஆள் இருக்கும் நேரத்தில் போங்கள், அல்லது கார்டைப் பயன்படுத்துங்கள்.

பணம் போட்டதும் `SELEZIONARE POMPA` என்று வரும். சில மெஷினில் `POMPA` என்பதற்குப் பதில் `EROGATORE` என்றிருக்கும், இரண்டும் ஒன்றுதான். எண்ணை அழுத்துங்கள். தொடர்ந்து `RICEVUTA?` அல்லது `SCONTRINO?` என்று கேட்டால், உங்களுக்கு ரசீது வேண்டுமா என்று கேட்கிறது. `SI` என்றால் ஆமாம், `NO` என்றால் வேண்டாம். எப்போதும் `SI` தான். நீங்கள் இழந்தது இந்த ஒரு பட்டனில். சில மெஷின் முதலிலேயே கேட்காது. ஊற்றி முடித்து மறுபடி அதனிடம் திரும்பி வந்து ரசீது பட்டனையும் பம்ப் எண்ணையும் அழுத்தினால்தான் சீட்டு வரும். பாக்கி நின்றால் காரில் ஏறுவதற்கு முன்னால் திரும்பி வாருங்கள். அடுத்தவர் பணம் போடத் தொடங்கிவிட்டால் உங்கள் சீட்டைப் பிடிப்பது கஷ்டம். எண்ணை அழுத்திய பிறகு நாசிலை எடுக்கத் தாமதித்தாலும் பம்ப் தானாக மூடிக்கொள்ளும். அப்போதும் கையில் மிஞ்சுவது அந்தச் சீட்டுதான். அந்தச் சூடேற்றி அச்சிடும் தாளின் எழுத்து சீக்கிரம் மங்கும். கையோடு ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கார்டு விஷயத்துக்கு வருகிறேன். அந்த 100 யூரோ உங்களிடமிருந்து எடுக்கப்பட்டது அல்ல, நிறுத்தி வைக்கப்பட்டது. நீங்கள் எவ்வளவு ஊற்றப் போகிறீர்கள் என்று மெஷினுக்குத் தெரியாது. அதனால் 100 யூரோ அல்லது அதற்கு மேல் ஒரு தொகைக்கு பேங்கிடம் முன் அனுமதி வாங்கிக்கொண்டு பம்பைத் திறக்கிறது. ஊற்றியதும் உண்மையான தொகைதான் கணக்கில் ஏறும், மிச்சம் விடுவிக்கப்படும். அந்த விடுவிப்புக்குச் சில நாள் ஆகலாம். கிரெடிட் கார்டில் இது லிமிட்டைத்தான் குறைக்கும். டெபிட் கார்டு என்றால் உங்கள் கையிருப்பே அவ்வளவுக்கு முடங்கும். 150 யூரோ மட்டும் உள்ள கணக்கில் ஒரு முறை பெட்ரோல் போட்ட மறுநாள் இன்னொரு பங்கில் கார்டு மறுக்கப்பட்டால் காரணம் இதுதான். அப்பாவின் இந்திய டெபிட் கார்டை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். `IMPORTO` என்று கேட்கும் மெஷினில் வேண்டிய தொகையை நீங்களே தேர்ந்தெடுக்கலாம், அப்போது அந்தத் தொகையோடு முடிந்துவிடும். `DIGITARE PIN` என்றால் பின் எண், `ATTENDERE` என்றால் பொறுங்கள், `RITIRARE LA CARTA` என்றால் கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் கழித்து ஸ்டேட்மெண்டில் வரும் தொகையை ரசீதோடு ஒப்பிடுங்கள். 100 அப்படியே முழுதாக ஏறியிருந்தால், அந்த ரசீதைக் காட்டித்தான் பேங்கில் புகார் செய்ய முடியும்.

நீங்கள் கேட்காத ஒன்று. பகலில் போகும்போது பலகையில் இரண்டு விலை இருக்கும். `SELF` அல்லது `FAI DA TE` என்பது நீங்களே ஊற்றிக்கொள்வதற்கு. `SERVITO` என்பது ஆள் வந்து ஊற்றுவதற்கு. இரண்டுக்கும் லிட்டருக்கு 15, 20 சென்ட் அல்லது அதற்கும் மேல் வித்தியாசம் வரும். 40 லிட்டருக்கு எட்டு யூரோ. `SERVITO` பக்கத்தில் காரை நிறுத்தினால், நீங்கள் நாசிலை எடுப்பதற்குள் ஒருவர் சிரித்தபடி வந்து ஊற்றிவிடுவார். முதல் முறை நான் அப்படித்தான் கொடுத்தேன். உதவி செய்கிறார் என்று நினைத்து நன்றி சொல்லிவிட்டு பில்லைப் பார்த்த பிறகுதான் விலை வேறு என்று தெரிந்தது. வயதானவர்களோடு, மழையில், டேங்கை முழுதும் நிரப்ப வேண்டிய கடைசி நாளில் அந்த எட்டு யூரோ கொடுக்கத் தகுந்ததுதான். மீதியைக் கையில் எண்ணித் தருவார்.