அப்பாயியின் கல்யாணப் படத்தை வெட்டலாமா?

கேள்வி: "அப்பாயி, தாத்தா கல்யாணப் படம் கனத்த அட்டையில் ஒட்டியது. ஓரத்தைக் கரையான் அரித்துவிட்டது. அதை வெட்டி, தலைமாட்டில் வைக்கும் அளவுக்குச் சின்னதாக்கிக் கொடு என்கிறார் அப்பாயி. கடைக்காரர் விட்டுவிட்டுப் போங்கள் என்கிறார். கொடுக்கலாமா?" – வாசகர், மன்னார்குடி.

கொடுக்காதீர்கள். படத்தின் அளவுக்குச் சட்டம் செய்யாத கடைகளும் உண்டு. இருக்கிற சட்டத்துக்குப் படத்தை வெட்டுகிறார்கள், அட்டையை உரிக்கிறார்கள். "லேமினேஷன் போட்டால் காலத்துக்கும் இருக்கும்" என்பதையும் நம்பாதீர்கள். அந்தச் சூட்டில் படத்தின் மேல்பூச்சு இளகும். பிறகு பிரிக்கவே முடியாது.  ஊருக்கு ஊர் பழைய படங்கள் இப்படித்தான் பாழாகின்றன.

முதலில் உங்கள் கண்ணெதிரே 600 dpi-யில் ஸ்கேன் எடுங்கள். அப்பாயி கேட்கும் சின்னப் படத்தை அந்தப் பிரதியில் வெட்டிக் கொடுங்கள். அசல் படத்தின் மேல் கத்தி படக்கூடாது.

ஒரே விலக்கு, அரித்த அட்டை. மண் கோடும் தூளும் புதிதாக வந்துகொண்டே இருந்தால் அரிப்பு படத்துக்குள் போய்விடும். அப்போது அட்டையை மட்டும் வெட்டலாம். அடைமழைக் காலத்தில் மட்டும் வேண்டாம், ஈரத்தில் மேல்பூச்சு ஸ்கேலோடு ஒட்டிக்கொள்ளும்.

ஐப்பசியில் திருவையாற்றிலிருந்து ஒரு பேரன் இதேபோல ஒரு படத்தோடு வந்தார். தை வரை காத்திருக்கச் சொன்னேன். தையில் புது பிளேடு, எஃகு ஸ்கேல், அடியில் தடித்த அட்டை என்று உட்கார்ந்தோம். ஸ்கேலை வேண்டிய பக்கத்தின் மேல் வைக்கச் சொன்னேன். கை வழுக்கினால் பிளேடு வேண்டாத பக்கம் போகும். படத்துக்கு வெளியே மூன்று மில்லிமீட்டர் அட்டை விட்டு, ஒரே இடத்தில் ஆறேழு முறை மெதுவாகக் கீறினார். ஒரே இழுப்பில் அறுத்தால் பழைய அட்டை பிசிறும், கூடவே மேல்பூச்சும் தெறிக்கும். இடது ஓரத்தில் கோடு போடும்போது கையை எடுத்துவிட்டார். அரித்த தூளைத் துடைத்ததும், பாட்டி தோளில் இரண்டு விரல்கள் தெரிந்தன. படத்தில் இல்லை என்று நினைத்திருந்த பாட்டியின் தங்கை விரல்கள். கோட்டை வெளியே தள்ளி வெட்டினார்.

வெட்டிய துண்டை எறிந்துவிடாதீர்கள். அவர் துண்டின் பின்னால் பென்சிலில் எழுதிய ஆண்டு இருந்தது. அதைத் தனிக் காகித உறையில் போட்டு, படத்தோடு பெட்டியில் வைத்தார். பாட்டிக்குப் பிரதியைத்தான் சட்டம் போட்டுக் கொடுத்தார், விரல்களோடு.