அடைப்புக்குறியில் தப்பு, பழி டேப்பின் மேல்

கேள்வி: சி-யில் எட்டுக் கட்டளை மொழிக்கு இன்டர்ப்ரெட்டர் எழுதியிருக்கிறேன். ஒற்றை லூப் சரியாக ஓடுகிறது. லூப்புக்குள் லூப் வந்தால் `Segmentation fault` வருகிறது. டேப்பை 30,000-லிருந்து ஒரு லட்சம் ஆக்கியும் போகவில்லை. எங்கே தப்பு?

டேப்பைத் தொடாதீர்கள். நீங்கள் கோடைக் காட்டவில்லை, இருந்தாலும் பந்தயம் கட்டுகிறேன்: `]` வந்ததும் பின்னால் நடந்துபோய் முதலில் கண்ணில் படுகிற `[`-இல் நின்றுவிடுகிறீர்கள். எனக்கு எப்படித் தெரியும் என்றால், இதே தப்புக்கு நான் ஒரு வேலையையே விட்டுக்கொடுத்திருக்கிறேன்.

நான் படித்தது மெக்கானிக்கல். பெங்களூருக்கு வந்து, பிடிஎம் லேஅவுட்டில் ஒரு பிஜியில் மூன்று பேரோடு தங்கிக்கொண்டு டெஸ்டிங் வேலை பார்த்த காலம். ஒரு கம்பெனி இன்டர்வியூவில் லேப்டாப்பைக் கொடுத்து, நெட் கிடையாது, முக்கால் மணி நேரம், இந்த எட்டுக் கட்டளைக்கும் இன்டர்ப்ரெட்டர் எழுது என்றார்கள். அர்பன் முல்லர் 1993-இல் அமிகா கம்ப்யூட்டருக்காகச் செய்த மொழி இது. கம்பைலர் எவ்வளவு சின்னதாக இருக்க முடியும் என்று பார்ப்பதற்காகவே செய்தார். பெயரை வீட்டில் பெரியவர்கள் முன்னால் சொல்ல முடியாது, அதனால் நானும் இங்கே சொல்லவில்லை.

ஆறு கட்டளைகள் பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டன. `>` `<` டேப் என்கிற பைட் வரிசையில் வலமும் இடமும் நகர்த்தும், `+` `-` அந்தக் கட்டத்தில் இருக்கும் பைட்டைக் கூட்டும் குறைக்கும், `.` `,` எழுதும் வாங்கும். மிச்சம் லூப்பைத் திறக்கும் `[`, மூடும் `]` இரண்டும்தான். எதிரில் உட்கார்ந்திருந்தவர் முதலில் ஒற்றை லூப் ஒன்றைக் கொடுத்தார், ஓடியது. அடுத்து கிட்டத்தட்ட இப்படி ஒன்று:

```
++[>++[>+<-]<-]
```

`Segmentation fault (core dumped)`. அவரும் நம் ஊர்க்காரர்தான். "பாயின்டரே இன்னும் பிடிபடல தம்பி, படிச்சிட்டு வாங்க" என்று தமிழிலேயே சொல்லி அனுப்பிவிட்டார். இங்கிலீஷில் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு உறைத்திருக்காது.

அந்தப் பாயின்டர் பேச்சை நம்பி இரண்டு ராத்திரி டேப்பையே நோண்டினேன். உங்களைப் போலவே அளவைப் பெருக்கினேன், `malloc` போட்டேன், எடுத்தேன். மூன்றாம் நாள் கரண்ட் இல்லை, லேப்டாப்பில் சார்ஜும் இல்லை. கரண்ட் பில்லின் பின்பக்கத்தில் கட்டம் போட்டுக் கையால் ஓட்டிப் பார்த்தபோதுதான் புரிந்தது. நீங்களும் போட்டுப் பாருங்கள். எழுத்துகளை 0-விலிருந்து எண்ணினால் வெளி லூப் 2-இல் திறந்து 14-இல் மூடுகிறது, உள் லூப் 6-இல் திறந்து 11-இல் மூடுகிறது.

முதல் சுற்று ஒழுங்காகப் போகும். உள் லூப் முடிந்து, `<` நம்மைக் கட்டம் 0-க்குக் கொண்டுவந்து, `-` அதிலிருந்த 2-ஐ 1 ஆக்கும். இப்போது 14-இல் இருக்கும் `]`. கட்டத்தில் 1 இருப்பதால் திரும்பிப் போக வேண்டும். போக வேண்டிய இடம் 2. என் கோடு பின்னால் நடந்தது, 6-இல் ஒரு `[` தென்பட்டது, அங்கேயே நின்றுவிட்டது. அதாவது, கட்டம் 0-இல் நின்றுகொண்டு உள் லூப்பின் உடம்பை ஓட்டுகிறோம். கட்டம் 1 ஒன்றாகும், கட்டம் 0 பூஜ்ஜியமாகும், உள் லூப் முடியும். அதற்கடுத்த எழுத்து 12-இல் இருக்கும் `<`. கட்டம் 0-க்கும் இடப்பக்கம், `tape[-1]`, நம்முடையதே அல்லாத இடம். அங்கே இருந்தது 0 என்றால் அடுத்த `-` அதை 255 ஆக்கும். 255 பூஜ்ஜியம் இல்லையே, மறுபடி 6-க்கு. இப்படியே இடப்பக்கம் ஊர்ந்து ஊர்ந்து ஏதோ ஒரு இடத்தில் சாகும். டேப்பை வலப்பக்கம் ஒரு லட்சம் நீட்டி என்ன பிரயோஜனம்?

ஜோடியை ஓடும்போது தேடாமல், ஓட ஆரம்பிக்கும் முன்னாலேயே ஒரு தடவை கண்டுபிடித்து எழுதி வைத்துவிடுவதுதான் நான் செய்தது. `[` வந்தால் அதன் இடத்தை ஸ்டாக்கில் போடுங்கள், `]` வந்தால் மேலே இருப்பதை எடுங்கள், அதுதான் ஜோடி:

```c
for (i = 0; i < n; i++) {
    if (src[i] == '[')
        st[sp++] = i;
    else if (src[i] == ']') {
        if (sp == 0) die("unmatched ]", i);
        j = st[--sp];
        jmp[i] = j;
        jmp[j] = i;
    }
}
if (sp) die("unmatched [", st[sp - 1]);
```

`die` என்பது செய்தியையும் இடத்தையும் அச்சடித்துவிட்டு வெளியேறுகிற சின்ன ஃபங்ஷன், நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். `st`, `jmp` இரண்டுக்கும் `n` அளவு இடம் ஒதுக்கிவிடுங்கள், நிரம்புமோ என்ற கவலையே வேண்டாம். மேலே உள்ள புரோகிராமுக்கு `jmp[2]` 14, `jmp[14]` 2, `jmp[6]` 11, `jmp[11]` 6 என்று வர வேண்டும். அதை `printf` செய்து பார்த்துவிட்டுத்தான் ஓட்டவே ஆரம்பியுங்கள். ஓட்டும் இடத்தில் இவ்வளவுதான்:

```c
case '[': if (!tape[p]) ip = jmp[ip]; break;
case ']': if (tape[p])  ip = jmp[ip]; break;
```

`for` லூப்பின் `ip++` ஜோடிக்கு அடுத்த எழுத்துக்குக் கொண்டுபோய்விடும். அதனால் `jmp`-இல் நீங்களாக ஒன்றைக் கூட்டி வைக்காதீர்கள், ஒரு கட்டளை விட்டுப்போகும். சரியாக வந்தால் கடைசியில் கட்டம் 2-இல் 4 இருக்கும்.

ஸ்டாக் எதற்கு, ஆழத்தை எண்ணிக்கொண்டே நடந்தால் போதாதா என்று கீழே யாராவது வருவார்கள். போதும் ஐயா, விடை சரியாகத்தான் வரும். ஆனால் ஒவ்வொரு சுற்றுக்கும் அதே தூரத்தை மறுபடி நடக்க வேண்டும், ஜோடியில்லாத குறி இருந்தால் பாதி ஓடிய பிறகுதான் தெரியும்.

இன்னொன்று. `<` வரும் இடத்தில் `if (p == 0) die("left of tape", ip);` என்று ஒரு வரி அன்றைக்கு இருந்திருந்தால், புரோகிராம் 12-ஆம் இடத்தில் நின்று இடத்தையும் சொல்லியிருக்கும். அந்த மனுஷனும் பாயின்டர் பேச்சை எடுத்திருக்க மாட்டார். வலப்பக்கத்துக்கும் அதேபோல ஒன்று போடுங்கள். டேப் `unsigned char` ஆகவே இருக்கட்டும், 0-விலிருந்து ஒன்று குறைத்தால் 255 என்று சி மொழியே உத்தரவாதம் தருவது அதற்குத்தான்.

டெஸ்ட் புரோகிராமில் குறிப்பு எழுதும்போதும் கவனம். எட்டு எழுத்தைத் தவிர மற்றதெல்லாம் கமென்ட் என்பதால் நான் தமிழிலேயே எழுதினேன். யூடிஎஃப்-8-இல் தமிழ் எழுத்தின் எந்த பைட்டும் 128-க்குக் கீழே வராது, எட்டுக் கட்டளையும் 128-க்குக் கீழே, ஆகவே மோதவே மோதாது. ஆனால் "இங்கே கூட்டு, அப்புறம் நகர்" என்று எழுதினேன் பாருங்கள், அந்தக் காற்புள்ளி கட்டளை! புரோகிராம் கீபோர்டிலிருந்து ஒரு எழுத்துக்காகக் காத்திருந்தது, நான் அது ஹேங் ஆகிவிட்டதென்று பத்து நிமிடம் காத்திருந்தேன்.

அந்தக் கரண்ட் பில் என்னிடம் இன்னும் இருக்கிறது. பிஜியைக் காலி செய்யும்போது, நாங்கள் வருவதற்கு முன்பே உரிந்திருந்த சுவருக்குப் பெயின்ட் செலவு என்று எங்கள் அட்வான்ஸில் பாதியைப் பிடித்துக்கொண்டார் ஓனர். கரண்டுக்கும் பாக்கி இருக்கிறது என்றார். கட்டிய பில்லை எடுத்து நீட்டினேன். திருப்பிப் பார்த்துவிட்டு, இதென்ன இத்தனை கட்டம் என்று கேட்டார். கட்டம் 0-விலிருந்து அவருக்கு விளக்கும் பொறுமை எனக்கு அன்றைக்கு இல்லை.