ஒன் கோல் இரவு, வழியில் போகும் நேரம், காத்திருக்கும் நேரம்: எதற்கு ஓ.ரி. கேட்கலாம்?

கேள்வி: நான் கொழும்பில் யூ.பி.எஸ். சேர்விஸ் டெக்னீசியன். கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின் கீழ் நியமனக் கடிதம் இருக்கு. ஒரு சைட்டில இருந்து இன்னொரு சைட்டுக்குப் போற நேரம், அங்க போய்க் காத்திருக்கிற நேரம், இரவில ஃபோனோட வீட்டில இருக்கிறது, இதெல்லாம் வேலை நேரம் இல்லை எண்டு எச்.ஆர். சொல்லுது. உண்மையா?

பதில்:

முக்கால்வாசி உண்மை இல்லை. மீதிக் கால்வாசி எது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அங்கேதான் பலர் தேவையில்லாமல் சண்டை பிடித்து, நியாயமாகக் கிடைக்க வேண்டியதையும் விட்டுவிடுகிறார்கள்.

உங்கள் சட்டம் 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம். நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி, சாப்பாட்டு இடைவேளை இதில் சேராது. அதற்கு மேல் போனால் ஒரு மணிக்கு ஒன்றரை மடங்கு. மாதச் சம்பளக்காரருக்கு மணிக்கூலி எடுக்க சம்பளத்தை 240ஆல் வகுப்பார்கள். சம்பளச் சபைகளுக்கு உட்பட்ட பல தொழில்களில் 200ஆல் வகுப்பது வழக்கம். அந்தக் கணக்கோடு உங்கள் கணக்கைக் கலக்காதீர்கள். ஒன் கோல் பற்றி இந்தச் சட்டம் தனியாக எதுவும் விரித்துச் சொல்லவில்லை. அதனால் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்க வேண்டும்: அந்த நேரம் யார் கையில் இருந்தது? 1930ஆம் ஆண்டின் சர்வதேச தொழில் அமைப்பின் 30ஆம் இலக்கச் சமவாயம் கடை, அலுவலக வேலை நேரத்துக்குத் தரும் வரையறையும் இதுதான். ஊழியர் முதலாளியின் ஏவலுக்குக் கட்டுப்பட்டு இருக்கும் நேரம் வேலை நேரம். அப்படிக் கட்டுப்படாத ஓய்வு நேரம் வேலை நேரமல்ல.

உங்களைப் போன்ற ஒருவரின் ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். வீடு கொட்டாஞ்சேனை, அலுவலகம் பம்பலப்பிட்டி, நேரம் காலை 8.30 முதல் மாலை 5.30 வரை, நடுவில் ஒரு மணி சாப்பாடு. அடிப்படைச் சம்பளம் 72,000 ரூபா என்று வையுங்கள். 240ஆல் வகுத்தால் மணிக்கு 300, ஓ.ரி. மணிக்கு 450, நிமிடத்துக்கு ஏழரை ரூபா.

செவ்வாய்க்கிழமை. அலுவலகம் வராமல் நேரே வத்தளைக்குப் போகச் சொல்கிறார்கள். 7.30க்கு அங்கே கைவைத்து 11.15க்கு முடிக்கிறார். அங்கிருந்து புறக்கோட்டை, 12.10க்குக் கட்டடத்துக்குள் போகிறார். மின்சாரத்தை நிறுத்த வாடிக்கையாளர் அனுமதி தரவில்லை, இதோ அதோ என்று 2.30 ஆகிறது. வேலை 5.15க்கு முடிகிறது. பழுதான போர்டை அலுவலகத்தில் ஒப்படைக்கச் சொன்னதால் பம்பலப்பிட்டிக்கு வந்து சேர 6.20.

நிறுவனம் இதை எப்படிக் கணக்குப் போடுகிறது? ஜொப் கார்ட்டில் வேலை தொடங்கிய நேரமும் முடிந்த நேரமும் மட்டும்தான் இருக்கின்றன. வத்தளை 3 மணி 45 நிமிடம், புறக்கோட்டை 2 மணி 45 நிமிடம், மொத்தம் ஆறரை மணி. எட்டு மணியே வரவில்லை, பிறகு என்ன ஓ.ரி. என்று கேட்பார்கள். உங்கள் எச்.ஆர். சொல்வதும் இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் இருக்கும்.

சரியான கணக்கு வேறு. வத்தளையிலிருந்து புறக்கோட்டைக்குப் போன 55 நிமிடமும், புறக்கோட்டையிலிருந்து அலுவலகத்துக்கு வந்த 1 மணி 5 நிமிடமும் வேலை நேரம். நாள் வேலை தொடங்கிய பிறகு ஒரு சைட்டிலிருந்து இன்னொரு சைட்டுக்குப் போவது உங்கள் விருப்பப் பயணமல்ல, முதலாளி அனுப்பிய பயணம். அந்த வழியில் பேலியகொடை நெரிசலில் நின்ற நேரமும் அதற்குள்தான். ஆக 7.30 முதல் 6.20 வரை ஒரே நீட்டு, 10 மணி 50 நிமிடம்.

புறக்கோட்டையில் காத்திருந்த 2 மணி 20 நிமிடத்தில்தான் உண்மையான வாதம் இருக்கிறது. “இரண்டரைக்கு வாங்க, அதுவரை உங்கள் பாடு” என்று தெளிவாகச் சொல்லி விட்டிருந்தால், அதில் ஒரு மணியைச் சாப்பாட்டு இடைவேளை என்று கழிப்பது நியாயம். அப்போது வேலை நேரம் 9 மணி 50 நிமிடம், ஓ.ரி. 1 மணி 50 நிமிடம். ஆனால் “எந்த நிமிடமும் அனுமதி வரும், நகராதீங்க” என்று சொல்லி, அவர் யூ.பி.எஸ். அறை வாசலில் கருவிப் பையைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டிருந்தால் அது இடைவேளையல்ல. அப்போது ஓ.ரி. 2 மணி 50 நிமிடம். இந்த ஒரு மணியின் விலை 450 ரூபா. அதைத் தீர்மானிப்பது அந்த நேரத்தில் உங்களுக்கு என்ன சொல்லப்பட்டது என்பதுதான்.

இப்போது அந்தக் கால்வாசி. காலையில் கொட்டாஞ்சேனையிலிருந்து வத்தளைக்குப் போன நேரத்தை நான் சேர்க்கவில்லை. வீட்டிலிருந்து முதல் வேலையிடத்துக்குப் போவதை இங்கே பொதுவாக வேலை நேரமாக எடுப்பதில்லை. ஐரோப்பிய நீதிமன்றம் 2015இல் வேறு மாதிரிச் சொன்னது என்று யாராவது கீழே எழுதுவார்கள், அதனால் முன்பே சொல்கிறேன். ஸ்பெயினில் ஒரு நிறுவனம் தன் பிராந்திய அலுவலகங்களை மூடிவிட்டு, டெக்னீசியன்களை வீட்டிலிருந்தே வாடிக்கையாளரிடம் அனுப்பியது. நிலையான வேலையிடம் இல்லாதவர்களுக்கு அந்த முதல் பயணமும் கடைசிப் பயணமும் வேலை நேரம் என்று தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பு இங்கே யாரையும் கட்டுப்படுத்தாது. உங்களுக்குப் பம்பலப்பிட்டியில் நிலையான அலுவலகமும் இருக்கிறது. ஒரு நாள் உங்களை வழக்கமான தூரத்தைவிட வெகுதூரம், கண்டி, காலி என்று நேரே அனுப்பினால், வழக்கமான பயணத்தை விட எவ்வளவு கூடுதலோ அதைக் கேளுங்கள், அது வலுவான கோரிக்கை. வீட்டிலிருந்து பம்பலப்பிட்டிக்குப் போவதற்கும் வத்தளைக்குப் போவதற்கும் உள்ள பத்து நிமிட வித்தியாசத்துக்காக மல்லுக்கட்ட வேண்டாம்.

இனி இரவு. இரவு 8 மணியிலிருந்து காலை 6 வரை ஒன் கோல். 11.40க்கு அழைப்பு, 11.50க்கு வீட்டிலிருந்து புறப்படுகிறார், 12.25க்கு இராஜகிரியவில் சைட், 2.05க்கு வேலை முடிவு, 2.40க்கு வீடு. இதில் 11.50 முதல் 2.40 வரையான 2 மணி 50 நிமிடத்தையும் வேலை நேரமாகக் கேளுங்கள். இந்தப் பயணம் காலைப் பயணம் போன்றதல்ல. நாள் வேலை முடித்து வீட்டுக்கு வந்தவரை மறுபடி வெளியே இழுத்த பயணம் இது. ஜொப் கார்ட் கணக்கில் 1 மணி 40 நிமிடம்தான் வரும்.

மீதி ஏழு மணி சொச்சம்? வீட்டில் படுத்து, பிள்ளைகளோடு இருந்து, ஃபோனை மட்டும் பக்கத்தில் வைத்திருந்தால் அது ஓ.ரி. நேரமல்ல. அதற்கு ஒப்பந்தப்படி ஒரு ஒன் கோல் அலவன்ஸ் தான் கேட்க முடியும். இதை ஏற்க உங்களுக்குக் கஷ்டமாக இருக்கலாம், ஆனால் இதுதான் நிலைமை. இது மாறும் இடங்கள் உண்டு. சைட்டில் அல்லது கம்பனி அறையில் படுக்கச் சொன்னால், தூங்கினாலும் அது முதலாளியின் நேரம். வீட்டில் இருந்தாலும் மிகக் குறுகிய நேரத்தில் வந்துசேரச் சொன்னால் வாதம் உங்கள் பக்கம் சாய்கிறது. பெல்ஜியத்தில் ஒரு தீயணைப்பு வீரர் 8 நிமிடத்தில் நிலையத்துக்கு வர வேண்டும் என்ற கட்டாயத்தோடு வீட்டில் இருந்ததை, 2018இல் அதே ஐரோப்பிய நீதிமன்றம் வேலை நேரம் என்றது. ஆனால் அதற்கு எவ்வளவு சம்பளம் என்பதை அந்தந்த நாட்டுச் சட்டத்துக்கு விட்டுவிட்டது. உங்களுக்கு ஒரு மணி நேர அவகாசம் தருகிறார்கள் என்றால் அந்தத் தீர்ப்பைக் கையில் எடுக்காதீர்கள். இருபது நிமிடம் என்று எழுத்தில் இருந்தால், அல்லது இரவுக்கு மூன்று நான்கு அழைப்பு வருவது வழக்கமாகிவிட்டால், எடுக்கலாம்.

சாப்பாட்டு மணியைக் கழித்தாலும் அந்த நாளின் ஓ.ரி. 4 மணி 40 நிமிடம், 2,100 ரூபா. ஜொப் கார்ட் கணக்கில் இரவு 1 மணி 40 நிமிடத்துக்கு 750 மட்டும்.

ஒன் கோல் அலவன்ஸில் எல்லாம் அடங்கும் என்ற பதில் வந்தால், நியமனக் கடிதத்தையும் அலவன்ஸ் கடிதத்தையும் எடுத்துப் பாருங்கள். அலவன்ஸ் காத்திருப்புக்கு, ஓ.ரி. வெளியே போன நேரத்துக்கு. இரண்டும் சம்பளச் சீட்டில் தனித்தனி வரியாக வர வேண்டும். பெற்றோல் காசும் அப்படித்தான். அது உங்கள் செலவுக்குத் தருவது, உங்கள் நேரத்துக்கு அல்ல. “வாரத்துக்கு 12 மணிக்கு மேல் ஓ.ரி. போட முடியாது” என்றும் சொல்வார்கள். 12 மணி என்பது உங்களிடம் வேலை வாங்குவதற்கு உள்ள எல்லை. வாங்கிய வேலைக்குக் காசு கொடுக்காமல் விட அது அனுமதியல்ல. உங்கள் பதவியை ‘சேர்விஸ் எக்ஸெக்யூட்டிவ்’ என்று மாற்றியிருந்தால் அதையும் கேள்வி கேளுங்கள். கையில் மல்டிமீட்டரோடு சைட் சைட்டாக ஓடுகிறவர் பெயர் மாறியதால் மட்டும் நிர்வாகி ஆகிவிட மாட்டார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. தமிழ் மட்டும் நன்றாகத் தெரிந்த பையன்களிடம் ஐந்து பக்க ஆங்கிலக் கடிதத்தை நீட்டி, நின்ற நிலையில் கையெழுத்து வாங்குகிறார்கள். ‘சகலதும் உள்ளடங்கிய சம்பளம்’ என்ற ஒரு வரி மூன்றாம் பக்கத்தில் இருப்பது அவர்களுக்கு ஒரு வருடம் கழித்துத்தான் தெரிகிறது. வாசிக்க ஒரு நாள் அவகாசம் கொடுத்தால் எந்தக் கம்பனிக்கும் நட்டம் வராது.

சின்னக் கம்பனிகளுக்கு இது கட்டுப்படியாகாது என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வாடிக்கையாளரிடம் இரவு அழைப்புக்குத் தனிக் கட்டணம் வாங்குகிற நிறுவனம், அந்த இரவில் போனவருக்கும் அதில் பங்கு கொடுக்க வேண்டும்.

நாளையிலிருந்தே செய்ய வேண்டியது ஒன்று. ஜொப் கார்ட்டில் ‘வந்த நேரம்’, ‘வேலை தொடங்கிய நேரம்’, ‘வெளியேறிய நேரம்’ என்று மூன்றையும் எழுதி, வாடிக்கையாளரின் கையெழுத்தை அவற்றுக்குக் கீழே வாங்குங்கள். கட்டமே இல்லாவிட்டால் ஓரத்தில் எழுதுங்கள். காத்திருக்கச் சொன்னால், “12.10க்கு வந்துவிட்டேன், அனுமதி கிடைக்கவில்லை, இங்கேயே நிற்கவா?” என்று சுப்பவைசருக்கு வட்ஸ்அப் போடுங்கள். “நில்” என்று வரும் பதில்தான் உங்கள் சாப்பாட்டு மணிக்கான சாட்சி. பெரிய கட்டடங்களின் காவலர் வாசல் புத்தகத்தில் உங்கள் பெயரும் நேரமும் இருக்கும். அலுவலகக் கைரேகை இயந்திரத்துக்கு நீங்கள் வத்தளையில் நின்றது தெரியாது, ஆனால் அந்தப் புத்தகத்துக்குத் தெரியும். இரவு அழைப்பு வந்த ஃபோன் பதிவைப் படம் எடுத்து வையுங்கள், ஃபோன் மாறினால் அது போய்விடும்.

இப்படி ஒரு மாதம் சேர்த்த பிறகு, நாள் வாரியாக ஒரு தாளில் எழுதி எச்.ஆருக்கு மின்னஞ்சலில் அனுப்பிப் பதில் கேளுங்கள். பதில் வராவிட்டால் அல்லது மறுத்தால், நாரஹேன்பிட்டியில் உள்ள தொழில் திணைக்களத்திலோ உங்கள் பகுதித் தொழில் அலுவலகத்திலோ எழுத்தில் முறைப்பாடு கொடுக்கலாம். நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், அந்த நாள் வாரித் தாள், மின்னஞ்சலின் பிரதி, ஜொப் கார்ட் பிரதிகள், இவ்வளவும் ஒரு கோப்பில் இருக்கட்டும். ஜொப் கார்ட்டின் இரண்டாம் பிரதி அலுவலகத்துக்குப் போய்விடும், ஆகவே வாடிக்கையாளர் கையெழுத்துப் போட்ட அந்த நிமிடமே, அங்கேயே நின்று ஒரு படம் எடுத்துவிடுங்கள்.