முதல் வருடம் போனா, கேமராவா? கேள்வி பதில்

கையில் இருப்பது ஒரே தொகைதான், அண்ணா. கிட் லென்ஸோடு ஓர் ஆரம்பநிலை கேமரா வாங்கவா, போனிலேயே எடுத்துவிட்டு வேறு ஏதாவது வாங்கவா? ஓர் அறையில் இருவர் பேசும் குறும்படம்தான் எடுக்கப்போகிறேன்.

போனிலேயே எடுங்கள், பணத்தை ஒலிக்குக் கொடுங்கள். போன் ஆறேழு அடி தள்ளி நிற்கும், புதுக் கேமரா வாங்கினாலும் அதன் மைக் அதே இடத்தில்தான் இருக்கும். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரட்டிப்பானால் நேரடிக் குரல் 6 டெசிபெல் குறையும். சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலியோ கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கும். அதனால் ஆறடி தூரத்தில் பதிவான வசனம் கிணற்றுக்குள் பேசியது போலக் கேட்கும், எடிட்டிங்கில் சத்தத்தைக் கூட்டினால் எதிரொலியும் சேர்ந்தே கூடும். நம்பாவிட்டால் ஒரே வசனத்தை ஒரு சாண் தூரத்திலும் போன் நிற்கும் இடத்திலும் பதிந்து, ஹெட்போன் போட்டுக் கேளுங்கள்.

ஆளுக்கொரு வயர் காலர் மைக், தாடைக்கு ஒரு சாண் கீழே. ஒவ்வொன்றையும் வீட்டில் கிடக்கும் பழைய போனில் செருகி அங்கேயே பதியுங்கள், ஷாட் தொடங்கும்போது ஒரு கைதட்டல், எடிட்டிங்கில் படத்தையும் குரலையும் அதை வைத்துத்தான் பொருத்துவீர்கள். மிச்சப் பணத்தில் ஆடாத ஸ்டாண்ட். எடுக்கும் முன் எக்ஸ்போஷரையும் ஃபோகஸையும் லாக் செய்துவிடுங்கள், இல்லையென்றால் நடிகர் கையை அசைத்தாலே படம் ஒருமுறை வெளுத்துக் கறுக்கும்.

எந்த போன் வாங்கலாம்?

இருப்பதே போதும்.

நானும் அப்படித்தான் தனியாகப் பதிந்தேன். கைதட்டலில் சரியாகப் பொருந்துகிறது, பத்து நிமிடம் போனால் உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். மைக் மோசமா?

மைக் மேல் பழி போடாதீர்கள். பல போன்கள் வெளிச்சம் குறைந்தால் தாமாகவே ஃப்ரேம் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளும், 30 என்று போட்டிருந்தாலும் இடையில் 24 ஆகலாம். சில எடிட்டிங் மென்பொருள்கள் எல்லா ஃப்ரேமும் ஒரே நீளம் என்று கணக்குப் போட்டுவிடும், அங்கே ஆரம்பிக்கிறது விலகல். கோப்பை MediaInfo என்ற மென்பொருளில் திறந்து பாருங்கள், Frame rate mode என்ற இடத்தில் Variable என்று இருந்தால் இதுதான் காரணமாக இருக்கும். எடிட் செய்யும் முன் ffmpeg என்ற மென்பொருளில் இந்தக் கட்டளையைக் கொடுத்து ஒரே சீரான 30 ஃப்ரேமுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்:

```
ffmpeg -i in.mp4 -vf fps=30 -c:v libx264 -crf 18 -c:a copy out.mp4
```

அதற்குப் பிறகும் துளி விலகல் இருக்கலாம், இரண்டு கருவிகளின் கடிகாரமும் நூற்றுக்கு நூறு ஒன்றாக ஓடாது. பத்து நிமிடம் ஒரே மூச்சில் ஏன் எடுக்கிறீர்கள்? ஷாட்டுக்கு ஷாட் கைதட்டினால் இது கண்ணிலேயே படாது.

நீங்கள் ஒலி ஒலி என்றே பேசுகிறீர்கள். பெரிய சென்சார் இருந்தால்தான் பின்னணி மங்கும், இருட்டிலும் படம் சுத்தமாக வரும். இதை மறைக்கலாமா?

மறைக்கவில்லை, பாதி உண்மை. 55 மில்லிமீட்டரில் முகத்தைக் கிட்டத்தில் எடுத்தால் கிட் லென்ஸிலும் பின்னணி மங்கும், போனின் போலி மங்கல் தலைமுடி ஓரத்தில் பிசிறடிக்கும். ஆனால் அந்த லென்ஸ் அங்கே f/5.6-க்கு மேல் திறக்காது, இந்த எண் சிறியதாக இருந்தால்தான் வெளிச்சம் அதிகம் வரும். போனின் முக்கிய லென்ஸ் பெரும்பாலும் f/1.8 அளவுக்குத் திறந்திருக்கும். சென்சாரில் கிடைத்த லாபத்தில் பெரும்பகுதியை லென்ஸே தின்றுவிடும். கேமரா வாங்கினால் f/1.8 லென்ஸுக்கும் சேர்த்து ஒதுக்குங்கள், முடியாவிட்டால் கொஞ்சம் பொறுங்கள்.

இல்லை அண்ணா, நான் எடுத்த காட்சிகளில் கிட் லென்ஸே போனை விட நன்றாக இருந்தது. நிறத் திருத்தம் செய்யும்போதும் தாங்குகிறது.

இருக்கலாம். போன் நிழல் பகுதியைத் தேய்த்து மழுமழுவென்று ஆக்கிவிடும், அந்த வகையில் உங்கள் பக்கம் நியாயம் உண்டு. ஆனால் வசனத்தை எப்படிப் பதிந்தீர்கள் என்று நீங்கள் இன்னும் சொல்லவில்லை.

நான் மேடை நாடகம் எடுக்கிறேன், கடைசி வரிசையில் இருந்து. போன் போதுமா?

போதாது. மேலே சொன்னது இரண்டு பேர் பேசும் அறைக்கு. அவ்வளவு தூரத்துக்கு போனில் ஜூம் செய்தால் முகம் குழைந்துவிடும், இங்கே நீளமான லென்ஸ் போட்ட கேமராதான். ஒலியை மேடை மிக்ஸரில் இருந்து வாங்குங்கள். வாங்கப்போகும் மாடல் ஒரே மூச்சில் எவ்வளவு நேரம் பதியும் என்று முதலில் பாருங்கள், பழைய மாடல்கள் பலவும் 29 நிமிடம் 59 வினாடியில் நின்றுவிடும்.

கிம்பல் வாங்கலாமா?

வேண்டாம். மைக் வாங்கிவிட்டீர்களா?

எந்த போன் நல்லது என்று சொல்லவே இல்லையே?

மேலே போய் இரண்டாவது பதிலைப் படியுங்கள்.