மீட்டிங்குக்கு வேற ஆளை அனுப்பறீங்களா? "ஆனா"வ கேட்டுட்டு வரச் சொல்லுங்க

கேள்வி: அண்ணா, நான் ராணிப்பேட்டைல ஒரு ஷூ எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சண்டைசர். வர்ற 5ஆம் தேதி வியாழக்கிழமை என் ஆர்டருக்கு பிபி மீட்டிங், அன்னிக்குதான் அம்மாவுக்கு சிஎம்சில அப்பாயிண்ட்மெண்ட், மாத்த முடியாது. கூட வேலை செய்யற தம்பிய அனுப்பலாம்னு இருக்கேன். போன தடவை ஒருத்தர அனுப்பினேன், வந்து "ஒண்ணும் இல்லக்கா, எல்லாம் ஓகே"ன்னாரு, அப்புறம் ஒரு வாரம் நான்தான் திட்டு வாங்கினேன். எப்படி கேக்கறது, என்ன சொல்லி அனுப்பறது?

பதில்: போன தடவை போனவர் மேல கோவப்படாதீங்கம்மா. "போய் உக்காந்து என்ன பேசறாங்கன்னு கேட்டுட்டு வாங்க"ன்னு சொல்லி அனுப்பினா யார் போனாலும் அப்படித்தான் வருவாங்க, ஏன்னா ஒரு மணி நேரம் பேசறதுல எது உங்களுக்கு முக்கியம்னு அவருக்கு எப்படி தெரியும், அது உங்க தலைக்குள்ளதானே இருக்கு.

பிபி, அதாவது ப்ரீ-புரொடக்‌ஷன் மீட்டிங்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ஒரு வரி. பல்க் கட்டிங் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, பையர் ஓகே பண்ண கன்ஃபர்மேஷன் சாம்பிள் ஷூவ டேபிள் மேல வெச்சிட்டு கட்டிங், மேல்பாகம் தைக்கற குளோசிங், அத அச்சுல இழுத்து சோல் ஒட்டற லாஸ்டிங், ஃபினிஷிங், ஸ்டோர், குவாலிட்டி எல்லாரும் உக்காந்து இந்த ஆர்டர எப்படி ஓட்டப் போறோம், எங்க இடிக்கும்னு பேசி முடிவு பண்றது. சில சமயம் பையரோட டெக்னீஷியனும் இருப்பாரு.

இந்த மாதிரி மீட்டிங்ல இன்னொருத்தர் காதால கேட்டு வர்ற செய்தில முதல்ல காணாம போறது "ஆனா"தான். நான் பிளானிங்ல இருந்தப்போ எனக்கே நடந்துச்சு, கம்பெனி பேர் வேணாம். எனக்கு ஜுரம், கூட இருந்த பையன அனுப்பினேன், சாயங்காலம் போன் பண்ணி "சோல் அப்ரூவ் ஆயிடுச்சுணா"ன்னான். நானும் மறுநாள் லாஸ்டிங் லைனுக்கு சோல் இறக்கச் சொல்லிட்டேன். அறுநூறு ஜோடி ஒட்டி முடிச்சப்புறம் குவாலிட்டி மேனேஜர் ஓடி வர்றாரு, யார் ஒட்டச் சொன்னதுன்னு. மீட்டிங்ல அவர் சொன்ன முழு வாக்கியம் என்னன்னா, "சோல் ஓகே, ஆனா ஒட்டு டெஸ்ட் ரிப்போர்ட் வந்தப்புறம்தான் லைன்ல ஏத்தணும்". பையன் பொய் சொல்லல, பாதி வாக்கியத்த கொண்டு வந்தான். அந்த அறுநூறு ஜோடியையும் தனியா வெச்சிட்டு ரிப்போர்ட் வர்ற வரைக்கும் நான் தூங்கவே இல்ல.

அதனால தம்பிகிட்ட "கேட்டுட்டு வா"ன்னு சொல்லாதீங்க, கேள்விய கையில குடுத்து அனுப்புங்க. மூணு, அதிகபட்சம் நாலு கேள்வி, அதுக்கு மேல குடுத்தா அவர் பேப்பரத்தான் பாத்துட்டு இருப்பாரு, பேசறது காதுல விழாது. ஒவ்வொண்ணுக்கும் பதில் ஒரு தேதியாவோ ஒரு எண்ணாவோ ஒரு ஆளோட பேராவோ வர்ற மாதிரி கேக்கணும். "லெதர் நிலவரம் என்ன"ன்னு கேட்டா "வந்துடும்"னு பதில் வரும். "டேனரிலேர்ந்து லெதர் முழுசா எந்த தேதி ஸ்டோருக்கு வருது, அத சொன்னது யாரு"ன்னு கேட்டா தப்பிக்க வழி இல்ல.

அடுத்தது எல்லை. அவர் உங்க சார்பா எதுக்கு தலையாட்டலாம், எதுக்கு ஆட்டக்கூடாதுன்னு நீங்கதான் முன்னாடியே கணக்கு போட்டு சொல்லணும், பாவம் அவர அங்க நிக்க வெச்சு முடிவு கேட்டா அவர் என்ன பண்ணுவாரு, பெரியவங்க முன்னாடி "சரி சார்"தான் வரும். எப்படி கணக்கு போடறதுன்னு ஒரு ஆர்டர வெச்சே பாப்போம், உங்க நம்பர் வேறயா இருக்கும், முறை இதான். 2400 ஜோடி, லைன் ஒரு நாளைக்கு 400, அப்போ லாஸ்டிங்குக்கு ஆறு நாள். 9ஆம் தேதி திங்கள் லெதர் வந்தா கட்டிங், குளோசிங் ஓடி 16ஆம் தேதி திங்கள் லாஸ்டிங் ஆரம்பம், 21 சனியோட முடியும். ஃபினிஷிங்கும் பேக்கிங்கும் ஒரு நாள் பின்னாடியே வரும், ஞாயிறு லீவு, அப்போ 23 திங்கள் பேக்கிங் முடியும். 24 செவ்வாய் பையர் இன்ஸ்பெக்‌ஷன், 26 வியாழன் லாரி கிளம்பணும். நடுவுல சும்மா இருக்கறது 25 புதன் ஒரே ஒரு நாள். இந்த கணக்குல இன்ஸ்பெக்டர் செவ்வாய்க்கு பதிலா புதன் வருவாரான்னு முன்னாடியே கேட்டு வெச்சிருந்தீங்கன்னா, லெதர் ஒரு நாள் லேட்டானா தம்பி ஒத்துக்கலாம். ரெண்டு நாள்னா அவர் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்தான், "அக்காவ கேட்டு இன்னிக்கு மூணு மணிக்குள்ள சொல்றேன்". இந்த வாக்கியத்த அப்படியே எழுதிக் குடுங்க. கையில வாக்கியம் இருந்தா சின்ன பையனும் தைரியமா சொல்லுவான், இல்லன்னா இழுத்துகினு நிப்பான்.

தம்பிகிட்ட கேக்கறதுக்கு முன்னாடி உங்க மேனேஜர்கிட்ட சொல்லுங்க, அப்புறம் தம்பியோட மேனேஜர்கிட்டயும், ஏன்னா அந்த ஒரு மணி நேரம் அவங்களோடது. தம்பிகிட்ட நேர்ல கேளுங்க, திங்கக்கிழமையே கேளுங்க, புதன் சாயங்காலம் பஸ் ஏற போறப்ப கேட்டா அவரால முடியாதுன்னு சொல்லவும் முடியாது, தயாராகவும் முடியாது. "அன்னிக்கு உங்க வேலை எது நிக்கும், அத நான் புதன்கிழமையே முடிச்சு குடுக்கவா"ன்னு கேட்டுப் பாருங்க, அதுக்கப்புறம் அவர் அந்த வேலைய செய்யற விதமே வேற மாதிரி இருக்கும். இன்னொண்ணு, அங்க யாராவது சத்தம் போட்டா அது எனக்கு, உங்களுக்கு இல்லன்னு முன்னாடியே சொல்லிடுங்க.

நேர்ல பேசினப்புறம் எழுத்துலயும் அனுப்பணும். நான் அனுப்பற மாதிரி ஒண்ணு:

"தம்பி, வியாழன் 11 மணி பிபி மீட்டிங்குக்கு எனக்கு பதிலா போறதுக்கு தேங்க்ஸ். கேக்க வேண்டியது மூணு. 1. லெதர் முழுசா எந்த தேதி வருது, யார் சொன்னாங்க. 2. லாஸ்டிங் 16ஆம் தேதி ரெண்டாவது லைன்லயா, வேற ஆர்டர் குறுக்க இருக்கா. 3. ஒட்டு டெஸ்ட் ரிப்போர்ட் எப்போ வரும், அதுக்கு முன்னாடி சோல் ஏத்தலாமா கூடாதா. லெதர் 10ஆம் தேதி வரைக்கும் ஓகே. அதுக்கு மேல போனா, சாம்பிள்ல எதாவது மாத்தணும்னா, விலை பேச்சு வந்தா, 'அக்காவ கேட்டு மூணு மணிக்குள்ள சொல்றேன்'னு மட்டும் சொல்லுங்க. யார் என்ன சொன்னாலும் 'ஆனா'வுக்கு அப்புறம் வர்றத அப்படியே எழுதிக்குங்க. 12:30க்கு நானே கூப்பிடறேன்."

இதே சமயத்துல மீட்டிங் போடறவருக்கும் ஒரு மெயில், எனக்கு பதிலா இவர் வர்றார், தேதில ஒரு நாள் வரைக்கும் இவர் சொல்றது என் சொல்லு, மத்தது நான் அன்னிக்கே உறுதி பண்றேன்னு. இது இல்லன்னா தம்பிய கடைசி சேர்ல உக்கார வெச்சிட்டு "மெர்ச்சண்டைசிங்லேர்ந்து யாரும் வரல"ன்னு எழுதிடுவாங்க.

மீட்டிங்ல தம்பி செய்ய வேண்டியதுல எனக்கு ரொம்ப புடிச்சது ஒண்ணு இருக்கு. எல்லாரும் நாற்காலிய தள்ளிட்டு எந்திரிக்கறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் கேட்டு, எழுதினத சத்தமா படிக்கணும்: "சார், அக்காகிட்ட இப்படி சொல்லட்டுமா, லெதர் 10ஆம் தேதி, லாஸ்டிங் 17, சோல் ரிப்போர்ட்டுக்கு அப்புறம்". அப்பதான் ஸ்டோர்காரர் "பத்தாம் தேதி முழுசா இல்லப்பா, மொத லாட் மட்டும்தான்"னு வாய தொறப்பாரு. அந்த வார்த்தை அந்த ரூம்ல வெளிய வந்தா ஒரு நிமிஷ வேலை, அப்பால வெளிய வந்தா ஒரு வாரம். போன்ல ரெக்கார்ட் பண்ணிட்டு வரச் சொல்லாதீங்க. டேபிள் மேல பையரோட இன்னும் கடைக்கு வராத மாடல் இருக்கும், கேக்காம ரெக்கார்ட் பண்ணது தெரிஞ்சா தம்பி வேலைக்கே ஆபத்து.

12:30க்கு நீங்களே கூப்பிடுங்க. டாக்டர் ரூம் வாசல்ல டோக்கன் நம்பர பாத்துட்டு நின்னா முன்ன பின்ன ஆகலாம், பரவாயில்ல, ஆனா சாப்பாட்டுக்கு முன்னாடியே பேசிடுங்க, சாப்பிட்டு வந்தா பாதி மறந்துடும். மொதல்ல உங்க மூணு கேள்விக்கு பதில், அப்புறம் முடிவானது, அப்புறம் முடிவாகாம நின்னது. இந்த கடைசிய நீங்க கேட்டாதான் சொல்லுவாங்க. "யாராவது எதுக்காவது பதில் சொல்லாம கம்முனு இருந்தாங்களா"ன்னு கேளுங்க. குளோசிங் இன்சார்ஜ் சாம்பிள திருப்பித் திருப்பி பாத்துட்டு ஒண்ணும் பேசாம வெச்சாருன்னு தம்பி சொன்னா, சாயங்காலமே அவருக்கு ஒரு போன் போடுங்க, தையல்ல எதோ இருக்கு.

ரிப்போர்ட் சரியில்லன்னு எப்படி கண்டுபிடிக்கறது? "பாத்துக்கலாம்னாங்க", "பண்ணிடுவாங்களாம்"னு ஆள் பேர் இல்லாம வந்தா அது ஓட்டை. அப்போ "யாரு பண்ணுவாங்க, எப்போ"ன்னு ரெண்டே கேள்வி. இன்னொரு ஓட்டை, அவர் நெனச்சதும் அவங்க சொன்னதும் கலந்து வர்றது. "லெதர் லேட்டாகும் போலக்கா"ன்னா, அது ஸ்டோர் சொன்னதா உங்களுக்கு தோணினதான்னு கேளுங்க. தோணினதையும் ஒதுக்காதீங்க, அதுவும் வேணும், தனியா எழுதிக்குங்க. முக்கியமான ஒரே ஒரு பாயிண்ட மட்டும் அந்த மீட்டிங்ல இருந்த இன்னொருத்தர்கிட்டயும் கேட்டுடுங்க, எல்லாத்தையும் கேட்டா தம்பிய நம்பலன்னு ஆயிடும்.

எல்லா மீட்டிங்குக்கும் ஆள் அனுப்ப முடியாது. விலை பேசறது, உங்க ஆர்டர்ல வந்த ரிஜெக்‌ஷனுக்கு உங்ககிட்ட விளக்கம் கேக்கறது, இதுக்கெல்லாம் தேதி மாத்தக் கேளுங்க, இல்லன்னா பத்து நிமிஷம் போன்ல சேருங்க. பெண்கள் பாதுகாப்புக்கான உள் புகார்க் குழுல நீங்க மெம்பரா இருந்தா அங்கயும் பதில் ஆள் கிடையாது, 2013 சட்டப்படி எழுத்துல நியமிச்சவங்க மட்டும்தான் உக்காரலாம்.

வெள்ளிக்கிழமை மினிட்ஸ் வந்ததும் தம்பி சொன்னத பக்கத்துல வெச்சு படிங்க. வித்தியாசம் இருந்தா தம்பிகிட்ட சண்டைக்கு போகாம, மினிட்ஸ் எழுதினவருக்கு அன்னிக்கே பதில் போடுங்க, "லெதர் 10ஆம் தேதி மொத லாட் மட்டும்னு என் சார்பா வந்தவர் குறிச்சிருக்கார், எது சரின்னு சொல்லுங்க"ன்னு, தம்பியோட பேரையும் அதுல சேர்த்து. லெதர் இறங்கினதும் மொத வேலையா ஸ்டோருக்கு போய் எத்தன சதுர அடின்னு நீங்களே பாத்துடுங்க.