மேலே போகும்போது மட்டும் துள்ளும் வைப்பர்

கேள்வி: தங்கச்சிமடத்தில் இருக்கிறேன். காருக்குக் கொட்டகை கிடையாது, வாசலில்தான் நிற்கும். போன தீபாவளிக்கு முன்னால்தான் வைப்பர் பிளேடு மாற்றினேன். அது மொத்தமாகப் பதினைந்து நாள்கூட ஓடியிருக்காது. இந்த வருஷ முதல் மழைக்கே மேலே போகும்போது தடதடவென்று துள்ளுகிறது, கீழே இறங்கும்போது நன்றாகத் துடைக்கிறது. என் கண்ணுக்கு நேராக ஒரு கோடும் விழுகிறது. மோட்டாரையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்ற வேண்டுமா? பிளேடு என்றால் எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: மோட்டாரைத் தொட வேண்டாம். மோட்டார் கெட்டால் வைப்பர் இரண்டு பக்கமும் மெதுவாகும், அல்லது பாதியில் நின்றுவிடும். ஒரு திசையில் மட்டும் துள்ளுவது பெரும்பாலும் ரப்பர் செய்கிற வேலை. உங்கள் பிளேடு ஓடித் தேயவில்லை, ஓடாமல் கிடந்தே கெட்டிருக்கிறது.

பிளேடின் அடியில் மெல்லிய ஒரு உதடு இருக்கிறது. கண்ணாடியைத் தொடுவது அதன் விளிம்பு மட்டும்தான். வைப்பர் மேலே போகும்போது அந்த உதடு கீழ்ப்பக்கமாகச் சாய்ந்து பின்னால் இழுபட்டு வர வேண்டும். இறங்கும்போது மேல்பக்கமாகச் சாய வேண்டும். வள்ளத்தில் பாயைத் திருப்புகிற மாதிரி, ஒவ்வொரு திருப்பத்திலும் அது புரண்டு கொடுக்கிறது. புரளாத உதடு கண்ணாடியில் குத்தி நிற்கும், விடுபட்டுத் தாவும், மறுபடி குத்தும். நீங்கள் கேட்கிற தடதடப்பு அதுதான்.

வைப்பரை நிறுத்தும்போது அது கடைசியாகக் கீழே இறங்கித்தான் படுக்கிறது. அதனால் உதடு மேல்பக்கம் சாய்ந்தபடியே இருக்கும். நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகை போனால் மழை அபூர்வம். மாதக்கணக்கில், வெயிலில் காய்ந்த கண்ணாடிமேல், பிளேடைப் பிடித்திருக்கும் ஆர்மின் ஸ்பிரிங் அழுத்த, ஒரே பக்கம் சாய்ந்து கிடந்த ரப்பர் அந்த வடிவத்திலேயே இறுகிவிடுகிறது. அதனால்தான் இறங்கும்போது ஒழுங்காக ஓடுகிறது, ஏறும்போது மல்லுக்கட்டுகிறது.

உப்புக்காற்றுதான் ரப்பரைத் தின்கிறது என்று ஊரில் சொல்வார்கள். ரப்பரைக் கெட்டியாக்குவது முக்கியமாக வெயிலின் சூடும் புற ஊதாக் கதிரும்தான். காற்றில் உள்ள ஓசோன் அதில் நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்கும். உப்பு செய்கிற கெடுதல் வேறு. அது கண்ணாடியில் பூத்துக் கிடக்கும், கச்சான் காற்று கொண்டுவரும் மணலும் அதோடு ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் வைப்பரை வறட்டாக ஓட்டினால் உதட்டின் விளிம்பு பல் பல்லாகத் தேயும். பிளேடைத் தாங்கும் இரும்புச் சட்டத்தின் மூட்டுகளும் உப்பில் துருப்பிடித்து இறுகும்.

பிளேடு வாங்கக் கிளம்பும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். கண்ணாடியில் நல்ல தண்ணீரை ஊற்றி உப்பைக் கரையவிடுங்கள். உங்கள் போர்வெல்லில் உப்புத்தண்ணீர் வந்தால் குடத்துத் தண்ணீரை எடுங்கள். பிறகு பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் இரண்டு சொட்டு விட்டுத் தேய்த்து அலசுங்கள். ஈரத் துணியை உதட்டின் இரண்டு பக்கமும் ஓட்டித் துடைத்துவிட்டு, ஒருவரைத் தண்ணீர் ஊற்றச் சொல்லி வைப்பரைப் போட்டுப் பாருங்கள். கோடு மறைந்தால் அது ஒரு மணல் துகள், செலவு மிச்சம். அதே இடத்தில் கோடு திரும்ப விழுந்தால், அந்த இடத்தில் உதட்டை விரலால் தடவுங்கள். பிசிறோ வெட்டோ தட்டுப்படும். உதடு நன்றாக இருந்து கண்ணாடியில் நகம் சிக்கினால் கீறல் கண்ணாடியில் இருக்கிறது, புதுப் பிளேடு அதைச் சரிசெய்யாது.

அடுத்து, உதட்டை நகத்தால் இரு பக்கமும் சாய்த்து விடுங்கள். நல்ல ரப்பர் உடனே நேராக நிமிரும். உங்களுடையது ஒரு பக்கமே சாய்ந்து நிற்கும் என்று நினைக்கிறேன். வளைக்கும்போது மெல்லிய வெடிப்புகள் வாய் திறந்தாலோ, விளிம்பு கூராக இல்லாமல் மழுங்கி இருந்தாலோ அந்த ரப்பர் முடிந்தது. தேங்காய் எண்ணெயோ டீசலோ தடவி மென்மையாக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். எண்ணெயில் ரப்பர் ஊதும், கண்ணாடியில் படலம் படியும். மழை இரவில் பாம்பன் பாலத்தில் எதிர்வண்டியின் விளக்கு விழுந்தால் ஒன்றும் தெரியாது.

ரப்பர் சரியாக இருந்தும் துள்ளினால் ஆர்மைப் பாருங்கள். அது லேசாக முறுக்கிக்கொண்டிருந்தால் பிளேடு கண்ணாடிக்கு நேர் செங்குத்தாக நிற்காது. அதை வீட்டில் வளைக்கப் பார்க்க வேண்டாம், பட்டறையில் செய்து கொடுப்பார்கள்.

ரப்பர் மட்டும் மாற்றினால் போதுமா என்பது சட்டத்தைப் பொறுத்தது. பிளேடைக் கழற்றிக் கையில் வைத்து அசைத்துப் பாருங்கள். மூட்டுகள் தளர்வாக அசைந்தால் ரப்பர் மட்டும் போதும். பழைய ரப்பரைக் கொண்டுபோய் அதே அகலத்தில் வாங்குங்கள், அதனுள் ஓடும் இரண்டு மெல்லிய எஃகுப் பட்டைகளைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். மூட்டு துருவில் பிடித்திருந்தால் ரப்பர் புதிதானாலும் நடுவில் துடைக்காத பட்டை விழும். அப்போது முழுப் பிளேடுதான் வழி. கடற்கரைக்கு நான் மூட்டே இல்லாத தட்டை வகையைத்தான் சொல்வேன். துருப்பிடிக்க அதில் இடம் குறைவு. சிலிக்கோன் ரப்பர் வெயிலை நன்றாகத் தாங்கும், விலை கூடுதல். கண்ணாடியை எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் கழுவாமல் போட்டால் அதுவும் துள்ளும்.

நீளத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஓட்டுநர் பக்கமும் மறுபக்கமும் பல கார்களில் ஒரே நீளம் இல்லை, தனித்தனியாக அளக்க வேண்டும். போன வருஷம் மண்டபத்துக்காரர் ஒருவர், 22 அங்குலம் இருந்த இடத்தில் 24 வாங்கி மாட்டிவிட்டு வந்தார். கூட இரண்டு அங்குலம் துடைக்குமே என்று அவருக்கு எண்ணம். ஒவ்வொரு வீச்சிலும் நுனி கண்ணாடியின் ஓரச் சட்டத்தில் மோதி, இரண்டே வாரத்தில் ரப்பர் கிழிந்திருந்தது. ஒரு அங்குலம் குறைந்தால் ஓரத்தில் கொஞ்சம் துடைக்காமல் போகும், அவ்வளவுதான். கூடக் கூடாது. ஆர்மின் நுனியையும் பாருங்கள். வளைந்த கொக்கி என்றால் பெரும்பாலான பிளேடுகள் பொருந்தும். பக்கவாட்டு ஊசியோ அழுத்திக் கழற்றும் கிளிப்போ இருந்தால் அதை ஒரு படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

இன்னொன்று, நம் ஊரில் வைப்பர் விற்பது மழைக்காலத்தில்தான். மீதி மாதமெல்லாம் சரக்கு கடை வாசலில் வெயிலில் தொங்கிக்கொண்டிருக்கும். அட்டைப்பெட்டி வெளுத்திருந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கடையிலேயே உறையைக் கழற்றி அந்த நகச் சோதனையைச் செய்யுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

புதிதாக மாட்டிய பிறகு மழை இல்லாத மாதங்களிலும் வாரம் ஒருமுறை கண்ணாடியில் தண்ணீர் ஊற்றி நாலைந்து வீச்சு ஓடவிடுங்கள், உதடு புரண்டு பழகும். ரப்பர் சூடாகக் கூடாது என்று ஆர்மைத் தூக்கி நிறுத்திவிட்டுப் போகிற வழக்கம் உங்கள் ஊருக்கு ஆகாது, கச்சான் காற்று அடித்துக் கீழே தள்ளிவிடும். பிளேடு மாட்டும்போதும் கண்ணாடிமேல் ஒரு துண்டை நாலாக மடித்துப் போட்டுக்கொள்ளுங்கள். பிளேடு இல்லாத வெறும் ஆர்ம் கை நழுவி விழுந்தால், அந்த அடியிலேயே கண்ணாடி விரிசல் விட்டுவிடும்.