மே மாதத்தில் காணாமல் போகும் 590 ரூபாய்

கேள்வி: எனக்கு 47 வயது. கோவில்பட்டியில் தையல் கடை வைத்திருக்கிறேன். 2022-ல் எல்ஐசி பங்கு வெளியீட்டுக்காக என் வங்கியிலேயே டிமேட் கணக்கு தொடங்கி 15 பங்குகள் வாங்கினேன். அதன்பிறகு அதைத் தொடவே இல்லை. ஆனால் வருடா வருடம் மே மாதம் சேமிப்புக் கணக்கில் 590 ரூபாய் பிடிக்கிறார்கள். அதோடு 17.70, 236, 436, 20 என்று சின்னச் சின்னத் தொகைகளும் போகின்றன. 2023-ல் என் மகன் செல்போன் ஆப்பில் என் பெயரில் இன்னொரு டிமேட் திறந்து கொஞ்சம் பங்கு வாங்கியிருக்கிறான். எது நியாயமான பிடித்தம், எதை நிறுத்தலாம்?

பதில்: பாஸ்புக்கையும் ஒரு கால்குலேட்டரையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தொகையையும் 1.18-ஆல் வகுத்துப் பாருங்கள். 590-ஐ வகுத்தால் 500 வரும். 236-க்கு 200, 17.70-க்கு 15. இப்படி முழு எண் வந்தால், அது பெரும்பாலும் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்துப் பிடித்த சேவைக் கட்டணம். 436-ஐயும் 20-ஐயும் வகுத்தால் பைசாவில் முடியும் எண்தான் வரும். அவை கட்டணம் அல்ல, காப்பீட்டு பிரீமியம்.

பிரீமியத்தை முதலில் பார்த்துவிடலாம். 436 ரூபாய் பிரதமர் ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீடு, 20 ரூபாய் பிரதமர் சுரக்ஷா விபத்துக் காப்பீடு. மே கடைசி வாரத்தில் தானாகவே பிடிப்பார்கள். உங்களுக்கு ஏதாவது நேர்ந்தால் முதல் திட்டத்தில் குடும்பத்துக்கு 2 லட்சம் கிடைக்கும், இரண்டாவதில் விபத்து மரணத்துக்கு 2 லட்சம். இவற்றை நிறுத்த வேண்டாம் என்பதுதான் என் கருத்து. ஒன்றை மட்டும் பாருங்கள்: வேறு வங்கிக் கணக்கிலும் இதே பிரீமியம் போகிறதா? இரண்டு இடத்தில் கட்டினாலும் ஒரு முறைதான் இழப்பீடு தருவார்கள்.

17.70 என்பது மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் எஸ்எம்எஸ் கட்டணமாக இருக்கும். 236 டெபிட் கார்டின் வருடக் கட்டணம். இங்கே பலர் ஏமாறுகிறார்கள். வருடப் பராமரிப்புக் கட்டணத்தை வங்கிகள் சுருக்கமாக AMC என்பார்கள். கார்டுக் கட்டணத்தையும் சில வங்கிகள் AMC என்றே அச்சிடும், டிமேட் கட்டணத்தையும் AMC என்றே அச்சிடும். அதனால் எழுத்தை மட்டும் நம்பாமல் தொகையையும் தேதியையும் சேர்த்துப் பாருங்கள். கார்டை அதிகம் பயன்படுத்தாவிட்டால், கட்டணம் குறைந்த சாதாரண கார்டுக்கு மாற்றித் தரக் கேளுங்கள்.

சரி, அந்த 590-க்கு வருவோம். அது பங்குகளை மின்னணு முறையில் வைத்திருக்கும் உங்கள் டிமேட் கணக்கின் வருடப் பராமரிப்புக் கட்டணம். உங்களிடம் இருப்பது 15 பங்குகள். 2025-ல் எல்ஐசி பங்கு ஒன்றுக்கு 12 ரூபாய் டிவிடெண்ட் கொடுத்தது. உங்களுக்கு வந்தது 180 ரூபாய். அந்த 15 பங்குகளைப் பத்திரமாக வைத்திருக்க நீங்கள் கொடுத்தது 590. பங்கு கொடுத்ததைப் போல மூன்று மடங்குக்கும் மேல் கணக்கு தின்கிறது. எல்ஐசி வெளியீட்டுக்காகவே முதன்முறை டிமேட் தொடங்கிய எத்தனையோ பேருக்கு இதே நிலைமைதான். அவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் அந்தப் பணத்தைக் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை.

பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைப்பின் விதிப்படி 'அடிப்படைச் சேவை டிமேட் கணக்கு' என்று ஒன்று உண்டு. BSDA என்று கேட்டால் வங்கியில் புரிந்துகொள்வார்கள். 2024 செப்டம்பர் 1 முதல், கணக்கில் உள்ள பங்குகளின் மதிப்பு 4 லட்சம் வரை இருந்தால் பராமரிப்புக் கட்டணம் கிடையாது. 4 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை வருடத்துக்கு 100 ரூபாய்தான். நீங்கள் விண்ணப்பிக்கக்கூட வேண்டாம். தகுதி இருந்தால், நீங்கள் வேண்டாம் என்று சொல்லாதவரை, அவர்களே மாற்ற வேண்டும்.

அப்படியென்றால் உங்களுக்கு ஏன் இன்னும் 590 பிடிக்கிறார்கள்? காரணம் உங்கள் மகன் திறந்த கணக்கு. இந்தச் சலுகை, ஒருவர் தனியாகவோ முதல் பெயராகவோ ஒரே ஒரு டிமேட் வைத்திருந்தால்தான் கிடைக்கும். எந்த நிறுவனத்தில் திறந்திருந்தாலும் உங்கள் பான் எண்ணை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார்கள். கூட்டுக் கணக்கில் இரண்டாவது பெயராக இருந்தால் பரவாயில்லை. உங்கள் விஷயத்தில் இரண்டிலும் நீங்கள்தான் முதல் பெயர், அதனால் இரண்டுமே சலுகையை இழந்து நிற்கின்றன. வேறு கணக்கு ஏதும் மறந்து கிடக்கிறதா என்று பார்க்க, டிமேட் பதிவுகளைப் பராமரிக்கும் நிறுவனங்களான என்எஸ்டிஎல் அல்லது சிடிஎஸ்எல் மின்னஞ்சலில் அனுப்பும் ஒருங்கிணைந்த அறிக்கையைத் திறந்து பாருங்கள். உங்கள் பான் எண்ணில் உள்ள டிமேட் கணக்குகள் அதில் வரும்.

ஆகவே ஒன்றை மூடுங்கள். மகன் பயன்படுத்தும் ஆப் கணக்கை வைத்துக்கொண்டு வங்கிக் கணக்கை மூடுவது எளிது. ஆப்பில் 'கிளையன்ட் மாஸ்டர்' அறிக்கை என்று ஒன்று கிடைக்கும். கணக்கு எண், பெயர், வங்கி விவரம் எல்லாம் அதில் இருக்கும். அதை இணைத்து, 'கணக்கை மூடிப் பங்குகளை மாற்றித் தரவும்' என்ற படிவத்தை வங்கியில் கொடுங்கள். பங்குகளை மாற்ற எழுதிக் கொடுக்கும் டெலிவரி சிலிப் புத்தகம் கொடுத்திருந்தால் அதையும் திருப்பித் தர வேண்டும். இரண்டு கணக்கிலும் பெயர் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் இனிஷியல் முன்னாலும் இன்னொன்றில் அப்பா பெயர் முழுதாகவும் இருந்தால் படிவம் திரும்பி வரும், முதலில் அதைத் திருத்துங்கள். பெயரும் பான் எண்ணும் ஒத்துப்போனால், மூடுவதற்கும் பங்குகளை மாற்றுவதற்கும் அவர்கள் கட்டணம் கேட்கக் கூடாது. பாக்கி ஏதும் இருந்தால் மட்டும் அதைக் கட்ட வேண்டியிருக்கும்.

இன்னொரு உரிமையும் உங்களுக்கு உண்டு, கிளையில் இருப்பவர்களுக்கே சில சமயம் தெரிவதில்லை. வருடக் கட்டணத்தை முன்கூட்டியே பிடித்துவிட்டு நடுவில் கணக்கை மூடினால், மீதமுள்ள காலாண்டுகளுக்கான பணத்தைத் திருப்பித் தர வேண்டும். பாதியில் நிற்கும் காலாண்டை முழுதாகக் கணக்கிடுவார்கள். உங்களுக்கு மே 20 முதல் வருடம் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். செப்டம்பரில் மூடினால் இரண்டு காலாண்டு போய்விட்டது, இரண்டு மிச்சம். ஆக 500-ல் 250 ரூபாய் உங்களுக்கு வர வேண்டும். என்னிடம் ஆலோசனைக்கு வரும் ஓர் அம்மாவிடம் 'கட்டினது கட்டினதுதான்' என்று கிளையில் சொல்லிவிட்டார்கள். கேட்பதை எழுத்தில் கொடுங்கள் என்றேன். எழுதிக் கொடுத்த பிறகு பணம் வந்தது. நீங்களும் வாயால் கேட்காமல், மூடும் படிவத்தோடு ஒரு கடிதம் வைத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் புகார் செய்யலாம்.

படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஆப் கணக்கில் எந்த வங்கிக் கணக்கு இணைந்திருக்கிறது என்று பாருங்கள். இனி எல்ஐசி டிவிடெண்ட் அங்கேதான் போகும். மகன் அவசரத்தில் பழைய, பயன்படுத்தாத கணக்கைக் கொடுத்திருந்தால், அதை இப்போதே மாற்றச் சொல்லுங்கள்.